நடுங்கும் கைக்கு எத்தனை செக்கன்?

கீபோர்ட்டில் வலப்பக்கத்து ஷிப்ட்டை எட்டு செக்கன் விடாமல் அமத்திப் பிடித்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா? கேம் விளையாடுகிறவர்களுக்கு ஷிப்ட்டை ஐந்து தடவை தட்டினால் வரும் ஸ்டிக்கி கீஸ் பெட்டியைத் தெரிந்திருக்கும். முக்கியமான நேரத்தில் நடுவில் வந்து நிற்கும், திட்டிக்கொண்டே மூடுவோம். எட்டு செக்கன் விசயம் அவ்வளவு பிரபலம் இல்லை. அது வேலை செய்தால் கீபோர்ட் செத்துப்போன மாதிரி இருக்கும். எந்த விசையைத் தட்டினாலும் ஒன்றும் விழாது.

எங்கள் பெரியப்பாவின் லேப்டொப்புக்கு நடந்தது அதுதான். கலஹா டவுனிலிருந்து தெல்தோட்டைப் பக்கம் ஏறும் ரோட்டில் அவர் வீடு. தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வெடுத்தவர். இப்போது அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் இருந்து வருகிறவர்களுக்குக் கடிதம் அடித்துக் கொடுக்கிறார். ஈ.பி.எப். காசு கேட்டு, பிறப்புச் சான்றிதழில் பெயர் திருத்தச் சொல்லி, ஜி.எஸ்.ஸுக்கு, பிரதேச செயலகத்துக்கு என்று தினமும் இரண்டு மூன்று வரும். காசு வாங்கமாட்டார். யாராவது ஒரு பை மரக்கறி வைத்துவிட்டுப் போவார்கள்.

அவருக்குக் கை நடுங்கும். தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கும்போது தெரியும், மடியில் வைத்திருக்கும்போது தெரியாது. கிளினிக்கில் இதை எசென்ஷியல் ட்ரெமர் என்று சொன்னார்களாம். கையைப் பாவிக்கும்போது வருகிற நடுக்கம் இது. பார்கின்சன் நடுக்கம் பெரும்பாலும் நேர்மாறு, கை சும்மா இருக்கும்போது கூடுதலாகத் தெரியும். கீபோர்ட்டுக்கு இந்த வித்தியாசம் முக்கியம். பெரியப்பாவின் கை விசையைத் தேடிப்போகும் அந்த நேரத்தில்தான் ஆடத் தொடங்குகிறது. அதனால் அவர் யோசிக்கும்போது வலது சுண்டுவிரலை ஷிப்ட் விசையில் ஊன்றிக்கொள்வார், கைக்கு ஒரு முட்டுக் கொடுக்கிற மாதிரி. அங்கேதான் எட்டு செக்கன் ஓடியது. திரையில் ஒரு பெட்டி வந்தது, என்னவோ கேட்டது, அவர் என்டரைத் தட்டினார். அதோடு கீபோர்ட் மௌனம். கொண்டுபோய்க் காட்டிய கடையில் "கீபோர்ட் போயிட்டு, மாத்தணும்" என்று ஒரு விலையும் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"என்னா புள்ள, இது செத்தே போச்சா?" என்று கேட்டார். நான் ஒரு விசையைத் தட்டினேன், ஒன்றும் வரவில்லை. அதே விசையை அமத்திப் பிடித்துக்கொண்டு இருந்தேன். ஒரு செக்கன் போனதும் எழுத்து விழுந்தது.

செத்த கீபோர்ட் எவ்வளவு நேரம் பிடித்தாலும் எழுத்துப் போடாது. பிடித்தால் விழுகிறது என்றால் ஃபில்டர் கீஸ் ஓடுகிறது என்று அர்த்தம். திரையின் கீழ் வலது மூலையில், மணிக்கூட்டுக்குப் பக்கத்தில், சின்னதாக ஒரு ஸ்டொப்வொட்ச் படமும் இருக்கும். யாரும் கை வைக்காத விண்டோஸில் ஃபில்டர் கீஸின் ஆரம்ப ஏற்பாடு, ஒரு விசையை ஒரு செக்கன் முழுக்கப் பிடித்தால்தான் ஏற்றுக்கொள்வது என்று இருக்கிறது. வலது ஷிப்ட்டைத் திரும்ப எட்டு செக்கன் பிடித்தால் நின்றுவிடும். ஐந்து சதம் செலவில்லை.

நிறுத்திவிட்டு எழும்பியிருக்கலாம். ஆனால் அவர் அடிப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தபோது, நடுங்கும் கைக்கென்றே செய்த ஒரு சாமானைத்தான் தொல்லை என்று மூடிக்கொண்டிருக்கிறோம் என்று தோன்றியது. உண்மையும் அதுதான். ஸ்டிக்கி கீஸ் போன்றவற்றை 1980களில் அமெரிக்காவில் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தின் ட்ரேஸ் சென்டர் ஆட்கள் உருவாக்கினார்கள். விண்டோஸ் 95இலிருந்து அவை கூடவே வருகின்றன. அதாவது என் வயதைவிடக் கூட. அந்த நிறுத்தின வசதியைப் பெரியப்பாவின் கைக்கு அளவெடுத்துத் தைக்கமுடியுமா என்று பார்க்கத் தொடங்கினோம். இரண்டு வார இறுதி போனது.

முதலில் கை என்ன பிழை விடுகிறது என்று தெரியவேண்டும். நடுக்கம் ஒன்றுதான், ஆனால் திரையில் அது பல விதமாக விழும். பெரியப்பாவை நோட்பேட்டில் 'ம' விசையை இருபது தடவை, ஒவ்வொன்றாக, ஆறுதலாக அடிக்கச் சொன்னேன். எண்ணிப் பார்த்தால் 34 'ம' இருந்தது. இந்தப் பதினாலு கூடுதல் எங்கிருந்து வந்தது?

இரண்டு வழியாக வரலாம். ஒன்று, விரலை எடுக்கப் பிந்துவது. ஒரு விசையைப் பிடித்துக்கொண்டே இருந்தால், கொஞ்ச நேரம் பொறுத்து, அந்த எழுத்தை மளமளவென்று கொட்டத் தொடங்கும். அந்தப் பொறுக்கும் நேரம்தான் ரிப்பீட் டிலே. விண்டோஸில் சும்மா இருக்கும்போது அது கிட்டத்தட்ட அரை செக்கன். கொட்டுகிற வேகம் ரிப்பீட் ரேட், அது செக்கனுக்கு முப்பது எழுத்து வரைக்கும் போகும். இன்னொன்று, விரல் எழும்பும்போது ஆடி அதே விசையில் திரும்ப ஒரு தட்டுத் தட்டிவிடுவது. பந்து துள்ளுகிற மாதிரி. அதனால்தான் அதற்கான மருந்துக்குப் பவுன்ஸ் கீஸ் என்று பெயர்.

இரண்டையும் பிரித்து அறிவது லேசு. பிந்திய விரல் நாலு ஐந்து எழுத்தை ஒரே கொத்தாகப் போடும். துள்ளிய விரல் ஒன்று அல்லது இரண்டு கூடுதல்தான் போடும். பெரியப்பாவின் வரியில் இரண்டும் இருந்தன. ஓரிடத்தில் ஐந்து கூடுதல், இன்னோரிடத்தில் மூன்று, மற்றதெல்லாம் ஒவ்வொன்று.

கொத்தை முதலில் தீர்த்தோம். ஸ்டார்ட்டில் `control keyboard` என்று அடித்தால் சின்னப் பெட்டி ஒன்று வரும். அதில் இரண்டு வழுக்குக் கோடு இருக்கும். மேலே உள்ள `Repeat delay` கோட்டில் நாலு படி, கால் செக்கனில் தொடங்கி ஒரு செக்கன் வரைக்கும். அதை `Long` பக்கம் கடைசிக்குத் தள்ளினோம். கீழே `Repeat rate`ஐ மெதுவான பக்கத்துக்குக் கொண்டுவந்தோம். இந்த வேகம் எழுத்தைவிட அழிப்பதில்தான் கூடுதலாக அடிக்கும். பேக்ஸ்பேஸில் விரல் ஒட்டிக்கொண்டால் செக்கனுக்கு முப்பது தடவை அழியும். பெரியப்பா ஒரு எழுத்தை அழிக்கப் போய் ஒரு வரியைத் தொலைத்துவிட்டு உட்கார்ந்திருப்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். அழிகிறது என்று கண் கண்டு, மூளை சொல்லி, கை எழும்ப நேரம் வேண்டும். ஆறுதலான கைக்கு அந்த நேரம் கூட.

திரும்ப இருபது 'ம'. இந்தத் தடவை 26 வந்தது. கொத்துகள் இல்லை. மிச்சம் ஆறும் ஒற்றைக் கூடுதல். அதெல்லாம் துள்ளல்.

துள்ளலுக்கு வேற இடத்துக்குப் போகவேண்டும். கொன்ட்ரோல் பேனலில் `Ease of Access Center`, அதற்குள் `Make the keyboard easier to use`, அதற்குள் `Set up Filter Keys`. அங்கே இரண்டில் ஒன்றைத் தெரியச் சொல்லும். `Turn on Bounce Keys` என்றால், ஒரு விசையை விட்ட பிறகு குறிப்பிட்ட நேரத்துக்குள் அதே விசை திரும்ப விழுந்தால் கணக்கெடுக்காது. `Turn on Repeat Keys and Slow Keys` என்றால், விசையைக் குறிப்பிட்ட நேரம் பிடித்திருந்தால்தான் ஏற்கும். கடையில் "போயிட்டு" என்று சொன்னது இந்த ஸ்லோ கீஸைப் பார்த்துத்தான்.

இரண்டையும் சேர்த்து வைக்க விண்டோஸ் விடாது. அதனால் கையைப் பார்த்து முடிவெடுக்கவேண்டும். போகிற வழியில் பக்கத்து விசைகளை உரசிக்கொண்டு போகிற கை என்றால், 'ம' கேட்டால் கூடவே 'த'வும் 'ட'வும் விழுகிறது என்றால், ஸ்லோ கீஸ். உரசல் ஒரு கணம்தான் இருக்கும், வேண்டிய விசையை நின்று அமத்துவார்கள். 0.3 செக்கன் போதும், ஒரு செக்கன் என்பது அநியாயம். சரியான விசையில் போய் விழுந்து அங்கேயே இரண்டு தடவை தட்டுகிற கை என்றால் பவுன்ஸ் கீஸ். பெரியப்பா இரண்டாவது வகை. அவர் விசையைத் தவறவிடுவது குறைவு. நாற்பது வருசம் பேரேட்டில் கொழுந்து எடை எழுதிய கை, இடம் தெரியும்.

பவுன்ஸ் கீஸை 0.5 செக்கனில் வைத்தோம். அந்தப் பட்டியலில் ஆகக் குறைந்தது அதுதான். இருபது அடித்தார், இருபது விழுந்தது. அவர் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும்.

பிறகு நான் அதே லேப்டொப்பில் உட்கார்ந்து ஒரு கடிதத்தின் பெயர்களை அடித்துக் கொடுத்தேன். நான் அடிப்பது தமிழ்99. அவர் அடிப்பது பாமினி. எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் சாதாரணமான ஒரு பெயர், முத்துக்கருப்பன். நான் அடித்தேன். திரையில் 'முதுகருபன்' என்று விழுந்தது. என் கை நடுங்கவில்லை. திரும்ப அடித்தேன். திரும்பவும் முதுகருபன்.

இந்த இடத்தில்தான் எனக்கு முழுக்கதையும் விளங்கியது. அந்தப் பெயரை இரண்டு விசைப்பலகையிலும் எந்த விசையைத் தட்டி அடிக்கிறோம் என்று எழுதிப் பார்த்தேன். முதல் வரி பாமினி, இரண்டாவது தமிழ்99.

```
K j ; J f ; f U g ; g d ;
k d l l d h h m d j j i f
```

இரண்டும் பதின்மூன்று விசைதான். பாமினியில் பெரிய எழுத்தாக இருப்பதெல்லாம் ஷிப்ட்டோடு அடிப்பவை. மு, து, ரு என்று மூன்று. பாமினியில் கிட்டத்தட்ட எல்லா உகரத்துக்கும் ஷிப்ட் வேண்டும். ஆனால் ஒரே விசை அடுத்தடுத்து இரண்டு தடவை எங்கேயும் வரவில்லை, ஏனென்றால் 'க்க' அடிக்கும்போது நடுவில் புள்ளியைத் தனியாக அடிக்கிறோம். தமிழ்99இல் ஷிப்ட்டே இல்லை. அதற்குப் பதிலாக ஒரே விசை இரண்டு தடவை வரும் இடம் மூன்று: ll, hh, jj. தமிழ்99 இரண்டு தடவை அடித்தால் முதல் எழுத்துக்குத் தானாகப் புள்ளி வைத்துக்கொள்ளும். அதுதான் அதன் அழகே.

பவுன்ஸ் கீஸுக்குத் தமிழ் தெரியாது. அது எழுத்தைப் பார்ப்பதில்லை, விசையைத்தான் பார்க்கும். அரை செக்கனுக்குள் அதே விசை திரும்ப வந்தால் நடுக்கம் என்று நினைத்து விழுங்கிவிடும். என் ll, hh, jj மூன்றிலும் இரண்டாவது தட்டை விழுங்கியது. இங்கிலீஷிலும் இரட்டை எழுத்து இருக்கிறதுதான், ஆனால் தமிழில் அம்மா, அப்பா, பாட்டி, மக்கள், சம்பளப் பட்டியல் என்று எதைத் தொட்டாலும் இரட்டை. தங்லிஷாக அடிக்கிற ஃபொனெட்டிக் முறையில் இன்னும் மோசம், 'kk'வும் போகும், நெடிலுக்கு அடிக்கும் 'aa'வும் போகும்.

இதில் ஒரு குரூரமான விசயம் உண்டு. பாமினியில் கை துள்ளினால் பிழை கண்ணுக்குத் தெரியும். கலஹா என்று அடிக்கப்போய் 'கலலஹா' என்று விழும், யார் பார்த்தாலும் பிழை. தமிழ்99இல் அதே துள்ளல் 'கல்லஹா' என்று விழும். மென்பொருள் மரியாதையாகப் புள்ளியும் வைத்துக் கொடுத்துவிடும். பாடி பாட்டியாகும், குளம் குள்ளமாகும். இரண்டும் சொல்தான், எந்த ஸ்பெல் செக்கும் சிவப்புக்கோடு போடாது. பெயர் என்றால் கேட்கவே வேண்டாம். அடையாள அட்டையில் ஒரு எழுத்து, பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, ஈ.பி.எப். காட்டில் இன்னொரு எழுத்து என்று அலைகிற குடும்பங்கள் எங்கள் பக்கம் எத்தனை என்று இதை வாசிக்கிற மலையகப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தேவையில்லை. அதைத் திருத்தக் கேட்டு எழுதுகிற கடிதத்திலேயே இன்னொரு விதமாக விழுந்தால்?

ஆகவே கை நடுங்குகிறவர்களுக்குத் தமிழ்99ஐவிடப் பாமினியோ, புள்ளியைத் தனியாக அடிக்கிற வேறொரு முறையோதான் நல்லது என்பது என் முடிவு. ஆரோக்கியமான கைக்குத் தமிழ்99தான் வேகம், நான் அதை விடமாட்டேன். ஆனால் புதிதாகப் பழகப்போகிற நடுக்கக்காரருக்கு அதை நான் சொல்லமாட்டேன்.

பாமினிதானே, 0.5 இருந்துவிட்டுப் போகட்டும் என்று பெரியப்பா சொன்னார். அடுத்த நாள் காலையில் போன் எடுத்தார். "பப்பாளி அடிச்சா ப்பாளின்னு வருது புள்ள." யாரோ பப்பாளிக் கன்று கேட்டு விவசாயத் திணைக்களத்துக்கு எழுதச் சொல்லியிருக்கிறார்கள். பப்பாளியில் 'ப'வும் 'ப்'பும் அடுத்தடுத்து வருகின்றன, பாமினியிலும் g இரண்டு தடவை தொடர்ந்து அடிக்கவேண்டும். அப்படியான சொல் குறைவு. பப்பாளியை விட்டுவிடலாம். அவர் இரண்டாவதாகச் சொன்னதுதான் என்னைப் பஸ் ஏற வைத்தது. "நம்பரும் குறையுது."

எண்ணில் புள்ளி இல்லை. 55 என்றால் 5ஐ இரண்டு தடவை தட்டத்தான் வேண்டும். 2016இலிருந்து கொடுக்கிற புது அடையாள அட்டை இலக்கம் 12 இலக்கம், முதல் நாலு பிறந்த வருசம். 1955இல் பிறந்தவருக்கு ஆரம்பத்திலேயே ஒரு இரட்டை. அதில் ஒன்றை விழுங்கினால் 11தான் இருக்கும். போன் நம்பர் 077இல் தொடங்கினால் அங்கேயும் அதே கதை. இதற்கு ஒரு நல்ல பக்கம், எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும். அடையாள அட்டைக்கு 12, போனுக்கு 10. பெரியப்பா இப்போது ஒவ்வொரு கடிதத்திலும் பென்சிலால் எண்ணுகிறார்.

ஆனால் எண்ணிக்கொண்டே இருக்கமுடியாது. 0.5ஐக் குறைக்கவேண்டும். பெட்டிக்குள் அதற்குக் கீழே வழியில்லை. எவ்வளவு குறைக்கலாம் என்று பார்க்க அவர் கையைப் போனில் ஸ்லோ மோஷனில் படம் பிடித்தேன். கோப்பையைப் பிடிக்கச் சொல்லிவிட்டு ஒரு செக்கனுக்குக் கை எத்தனை தடவை போய் வருகிறது என்று எண்ணினேன். ஐந்து, சில நேரம் ஆறு. எசென்ஷியல் ட்ரெமர் செக்கனுக்கு நாலில் இருந்து பன்னிரண்டு வரைக்கும் இருக்கலாம் என்கிறார்கள், இவருடையது மெதுவான பக்கம். செக்கனுக்கு ஐந்து என்றால் ஒரு ஆட்டத்துக்கு 200 மில்லிசெக்கன். பவுன்ஸ் கீஸ் நேரத்தை எண்ணத் தொடங்குவது விசையை விட்ட கணத்திலிருந்து. அதனால் துள்ளல் திரும்பி வருவதற்கு அந்த 200 முழுதாக எடுக்காது. ஆகவே 500 என்பது இவருடைய நடுக்கத்துக்கு இரண்டு மடங்குக்கும் மேல். அந்தக் கூடுதல் இடைவெளிக்குள்தான் அவர் வேண்டுமென்று அடிக்கிற 55 மாட்டிக்கொள்கிறது.

பெட்டியில் பவுன்ஸ் கீஸை ஒருக்கா ஓன் பண்ணி வைத்துவிட்டு, கொமாண்ட் ப்ரொம்ப்ட்டில் இதை அடித்தோம்.

```
reg add "HKCU\Control Panel\Accessibility\Keyboard Response" /v BounceTime /t REG_SZ /d 300 /f
```

கடைசியில் உள்ள 300தான் மில்லிசெக்கன். அடித்த பிறகு சைன் அவுட் பண்ணித் திரும்ப உள்ளே வந்தால்தான் எடுபடும். முதலில் 400, பிறகு 300, பிறகு 200 என்று இறங்கினோம். ஒவ்வொன்றிலும் இரண்டு சோதனை. இருபது 'ம' அடித்தால் எத்தனை விழுகிறது, '55' என்று பத்துத் தடவை அடித்தால் எத்தனை முழுதாக விழுகிறது. 500இல் ம சரி, ஆனால் 55இல் பாதி குறைந்தது. 300இல் ம இருபது, 55 ஒன்பது. 200இல் 55 பத்தும் சரி, ஆனால் ம 22 ஆகிவிட்டது. நடுக்கம் மணிக்கூடு மாதிரிச் சரியாக ஆடுவதில்லை, களைத்த நேரத்தில் அகலமாக ஆடும். 300இல் நிறுத்தினோம். உங்கள் வீட்டில் இருக்கிற கைக்கு வேறு எண் வரும். மேலிருந்து இறங்கிப் பாருங்கள், துள்ளல் திரும்பத் தலைகாட்டுகிற எண்ணுக்கு ஒரு படி மேலே நில்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பிறகு யாராவது அந்த `Set up Filter Keys` பெட்டியைத் திறந்து ஓகே கொடுத்தால், பட்டியலில் இருக்கிற எண் திரும்ப ஏறிவிடலாம். "திடீர்னு திரும்பக் குறையுது" என்று சொன்னால் முதலில் அதைப் பாருங்கள். அந்த எட்டு செக்கன் குறுக்குவழியையும் எடுத்துவிட்டோம், `Turn on Filter Keys when right SHIFT is pressed for 8 seconds` என்ற டிக். இல்லாவிட்டால் சுண்டுவிரல் ஊன்றுகிற பழக்கம் இருக்கிற மனுசருக்கு, ஓடிக்கொண்டிருக்கிறது தானாக நின்றுவிடும்.

இனி ஷிப்ட். பாமினியின் விலை அது. முத்துக்கருப்பனுக்கு மூன்று, குருவிக்கு இரண்டு. ஒரு கையால் ஷிப்ட்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஆடாமல் இன்னொரு விசையை அடிப்பது பெரியப்பாவுக்குக் கஷ்டம், பிடிக்கிற கையும் சேர்ந்து ஆடும். ஸ்டிக்கி கீஸ் போட்டால் ஷிப்ட்டைத் தட்டி விட்டுவிடலாம், அடுத்த விசை ஷிப்ட்டோடு போகும். ஒரு விரல் போதும். ஆனால் ஸ்டிக்கி கீஸ் வரும்போதே இரண்டு டிக்கோடு வருகிறது, இரண்டும் நடுங்கும் கைக்கு எதிரி.

முதலாவது `Lock modifier keys when pressed twice in a row`. ஷிப்ட்டை இரண்டு தடவை தட்டினால் ஷிப்ட் பூட்டிக்கொள்ளும். துள்ளுகிற விரல் ஒன்று என்று நினைத்து இரண்டு தட்டிவிட்டால் அதற்குப் பிறகு விழுவதெல்லாம் முமு, துது, குகு. பெரியப்பா அதைப் பார்த்துவிட்டு, "இது என்னா, குருவி பாஷையா?" என்றார். இரண்டாவது `Turn off Sticky Keys when two keys are pressed at once`. இரண்டு விசையை ஒன்றாக அமத்தினால் ஸ்டிக்கி கீஸ் சத்தமில்லாமல் நின்றுவிடும். உதவிக்கு வந்த பேரப்பிள்ளை ஒரு வரி அடித்துவிட்டு எழும்பிப் போகும், வழக்கம் போல ஷிப்ட்டைப் பிடித்துக்கொண்டே அடித்திருக்கும். அதன் பிறகு பெரியப்பா அடித்தால் மு எல்லாம் ம ஆகும். இரண்டு டிக்கையும் எடுத்துவிட்டோம். கீழே சத்தம் போடுவதற்கென்று ஒரு டிக் இருக்கும், அதை வைத்துக்கொள்ளுங்கள். ஷிப்ட் விழுந்ததா இல்லையா என்று காது சொல்லும்.

இந்த ஏற்பாடு எல்லாம் அந்தந்த யூசருக்கு மட்டும்தான். அதனால் நான் பெரியப்பாவின் லேப்டொப்பில் எனக்கென்று வேறொரு யூசர் போட்டுக்கொண்டேன், என் தமிழ்99 அங்கே நிம்மதியாக இருக்கிறது. இதன் மறுபக்கம், அவர் கண்டிக்குப் போய் ஒரு கொமினிகேஷனில் அவசரத்துக்கு உட்கார்ந்தால் அங்கே ஒன்றும் இருக்காது. ஷிப்ட் ஐந்து தடவை தட்டி ஸ்டிக்கி கீஸ் வரவைக்கலாம், அதுவும் அந்த இரண்டு டிக்கோடுதான் வரும். பவுன்ஸ் கீஸுக்கு யாரும் அவரைக் கொன்ட்ரோல் பேனல் வரைக்கும் போகவிடப் போவதில்லை. அதனால் அவர் வீட்டிலேயே அடித்து, பி.டி.எப். ஆக்கி, பென்டிரைவில் கொண்டுபோகிறார்.

வேகம் கூடவில்லை. ஒரு பக்கக் கடிதத்துக்கு முன்பும் முக்கால் மணி நேரம், இப்போதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். முன்பு அதில் பாதிக்கு மேல் அழிக்கிற நேரம். இப்போது அடிக்கிற நேரம். கைகள் கூடுதலாக ஆடுகிற பின்னேரத்தில் 300 போதாமல் போகிறது, அப்போது அவர் அடிப்பதை நிறுத்திவிட்டு மறுநாள் காலைக்கு வைத்துக்கொள்கிறார். பப்பாளிக்கு மட்டும் முதல் 'ப' அடித்துவிட்டு விரலை உயர்த்திப் பிடித்து, "ஒண்ணு, ரெண்டு" என்று வாய்விட்டு எண்ணிவிட்டு இரண்டாவதை அடிக்கிறார்.